கிளவுட் பில்லில் ஸ்லாப் தப்பு: பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

"சார், நான் கோவையில் தனியாளாக வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைப்பவன். பெங்களூர் கம்பெனி ஒன்றிடம் இரண்டு சர்வர் எடுத்திருக்கிறேன். மாதம் 750 மணி நேரமும் 100 ஜிபி டேட்டாவும் இலவசம் என்று சொன்னதால்தான் சேர்ந்தேன். மே மாதத்துக்கு 15,211.62 ரூபாய் பில் போட்டு கார்டில் தானாகப் பிடித்துவிட்டார்கள். ஒரு சர்வரை 11ஆம் தேதியே அணைத்துவிட்டேன், அதற்கும் முழு மாதம் போட்டிருக்கிறார்கள். கேட்டால் 'சிஸ்டம் போட்ட கணக்கு' என்கிறார்கள். 15 நாளுக்குள் ஆட்சேபிக்காவிட்டால் பில் இறுதி என்று விதி வேறு இருக்கிறது. பில், விலைப்பட்டியல், விதிகள் மூன்றையும் இணைத்திருக்கிறேன். பணம் திரும்பக் கிடைக்குமா?"

கிடைக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்திலிருந்து இல்லை. பில்லை வரி வரியாகப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் கோபப்படுகிற இரண்டு வரிகளிலும் கம்பெனி கணக்கு சரி. நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட டேட்டா வரியில்தான் தப்பு இருக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சத் தப்பு இல்லை.

முதலில் மணி நேரக் கணக்கு. மே மாதத்துக்கு 31 நாள், அதாவது 744 மணி நேரம். 750 மணி இலவசம் என்றால் மாதம் முழுக்க இலவசம்தானே என்று தோன்றும், ஒரே ஒரு சர்வர் ஓடினால் அது உண்மையும்கூட. ஆனால் உங்கள் விலைப்பட்டியலில் அந்த 750 'கணக்கு ஒன்றுக்கு' என்று இருக்கிறது, சர்வர் ஒன்றுக்கு என்று இல்லை. இரண்டு சர்வர் சேர்ந்தால் 1,488 மணி; அதில் 750 போக 738 மணி, மணிக்கு 2.40 ரூபாய் வீதம் 1,771.20. பில்லிலும் அதேதான் இருக்கிறது. டிஸ்க் வரியும் சரி, 80 ஜிபிக்கு 5 ரூபாய் வீதம் 400 ரூபாய்.

11ஆம் தேதி அணைத்த சர்வருக்கு ஏன் முழு மாதம் என்று கேட்கிறீர்கள். விதிகளில் 'சர்வர் நீக்கப்படும் வரை கட்டணம் தொடரும்' என்று இருக்கிறது. நீங்கள் அணைத்தீர்கள், நீக்கவில்லை. இது இந்தத் தொழிலில் புதிய விஷயம் இல்லை. டிஜிட்டல் ஓஷனிலும் அணைத்து வைத்த சர்வருக்குக் கட்டணம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மைக்ரோசாஃப்ட் அஷூரில் சர்வருக்கு உள்ளே போய் ஷட்டவுன் கொடுத்தால் பில் நிற்காது. அவர்களுடைய போர்ட்டலில் நிறுத்தி, நிலை `Stopped (deallocated)` என்று மாறினால்தான் மணி நேரக் கட்டணம் நிற்கும். அமேசானிலோ நிறுத்திய சர்வருக்கு மணிக் கட்டணம் கிடையாது, ஆனால் டிஸ்க்குக்கு உண்டு. ஆளுக்கொரு விதி, ஆகவே எந்தக் கம்பெனியானாலும் அதன் விதியில் 'அணைத்தல்' என்றும் 'நீக்குதல்' என்றும் எழுதியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் விதி தெளிவாக இருக்கிறது, இந்த வரியை விட்டுவிடுங்கள்.

இப்போது டேட்டாவுக்கு வருவோம். மே மாதம் வெளியே போன டேட்டா 1,340 ஜிபி. விலைப்பட்டியலில் இருப்பது மூன்றே வாக்கியம்: மாதம் 100 ஜிபி இலவசம், முதல் 1,000 ஜிபி வரை ஜிபிக்கு 8 ரூபாய், அதற்கு மேல் 6 ரூபாய். பில்லில் ஒரே வரியில் 10,720 என்று போட்டிருக்கிறார்கள். 10,720 எங்கிருந்து வந்தது என்று தலைகீழாக வகுத்துப் பாருங்கள், சரியாக 1,340 × 8. அதாவது இலவச 100 ஜிபியைக் கழிக்கவும் இல்லை, 1,000க்கு மேல் போனதற்கு 6 ரூபாய் ஸ்லாப்பையும் போடவில்லை. 'சிஸ்டம் போட்ட கணக்கு' என்பது இதுதான். ஸ்லாப் பில் எது வந்தாலும் மொத்தத் தொகையை மொத்த அளவால் வகுத்துப் பார்த்துவிடுங்கள். அளவு முதல் ஸ்லாப்பைத் தாண்டியிருந்தும் விடை ஏதாவது ஒரு ஸ்லாப்பின் விலையாகவே அச்சாக வந்து நின்றால், ஸ்லாப் பிரிக்காமல் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிரித்துப் போட்டால் என்ன வரும்? இங்கேதான் ஒரு சிக்கல், இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கப்போவது இதைத்தான். இலவச 100 ஜிபி அந்த முதல் 1,000க்கு உள்ளே வருகிறதா, அல்லது அதைத் தனியாகக் கழித்துவிட்டு அப்புறம் 1,000 எண்ணத் தொடங்க வேண்டுமா?

```
உள்ளே:   900 × 8 + 340 × 6 = 9,240
தனியே:  1000 × 8 + 240 × 6 = 9,440
```

நம் வீட்டுக் கரண்ட் பில்லை நினைத்துப் பாருங்கள். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த ஸ்லாப் 101ல் தொடங்குகிறது. இலவசம் ஸ்லாப்புக்குள்ளேயே எண்ணப்படுகிறது. ஆனால் அதே கரண்ட் பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும். அதனால் 'ஸ்லாப் என்றாலே இப்படித்தான்' என்று பொதுவாக வாதாட முடியாது, விலைப்பட்டியலின் வாசகம்தான் பேசும். உங்கள் பட்டியலின் வாசகமோ இரண்டு பக்கமும் சாய்கிறது. ஒரு தரப்பே எழுதி, மறுதரப்பு டிக் மட்டும் அடித்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகத்துக்கு இரண்டு பொருள் வந்தால், எழுதியவருக்குப் பாதகமான பொருளை எடுப்பது நீதிமன்றங்கள் வெகுகாலமாகப் பின்பற்றும் முறை. ஆகவே நீங்கள் 9,240 என்றே கேளுங்கள். கம்பெனி 9,440 என்று சொன்னால் அது பேரம் பேசக்கூடிய 200 ரூபாய். 10,720க்கு மட்டும் எந்த வாசிப்பிலும் வழி இல்லை.

பில்லின் அடிப்பகுதியில் கூட்டலும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சரியாகத்தான் இருக்கின்றன, தப்பான எண்ணின் மேல் சரியாகப் போட்ட வரி. 9,240ஐ வைத்துக் கூட்டினால் வரிக்கு முன் 11,411.20, வரியோடு 13,465.22. வித்தியாசம் 1,746.40 ரூபாய். பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இல்லை, பதிவு செய்யாதவர் என்று எடுத்துக்கொள்கிறேன், அப்படியானால் வரியையும் சேர்த்துக் கேட்கலாம். பதிவு செய்தவராக இருந்து உள்ளீட்டு வரியை எடுத்திருந்தால் வரிப் பகுதி உங்கள் நஷ்டம் ஆகாது, 1,480 மட்டும்தான் கேட்க முடியும். இரண்டிலும் ஜிஎஸ்டி சட்டம் 34ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் போட்டுத் தரச் சொல்லுங்கள். 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்கிறோம்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அந்த 15 நாள் விதியைக் கண்டு பயப்பட வேண்டாம். குறிப்பிட்ட கெடு முடிந்ததும் ஒருவருடைய உரிமையே போய்விடும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அந்த அளவுக்கு அதைச் செல்லாததாக்குகிறது. ஒப்பந்த வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் தருவது 3 வருடம், நுகர்வோர் புகாருக்கு 2 வருடம். இருந்தாலும் கெடு தாண்டியிருக்காவிட்டால் இன்றே எழுதிவிடுங்கள், இல்லாத சண்டையை நாமே ஏன் கிளப்ப வேண்டும்? பணத்தைப் பிடித்துவிட்டார்களே என்பதும் தடை இல்லை. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அதே சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்கிறது. வங்கியிடம் சொல்லி மொத்தப் பணத்தையும் திரும்ப இழுக்க மட்டும் முயற்சிக்காதீர்கள். 13,465 ரூபாய் நியாயமாகவே அவர்களுக்குச் சேரவேண்டிய பணம். அதையும் சேர்த்து இழுத்தால் கணக்கை முடக்குவார்கள், உங்கள் வாடிக்கையாளர்களின் வெப்சைட்டுகள் படுத்துவிடும், அப்போது தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், பில்லில் இருந்த ஏழு வரிகளையும் 'எல்லாமே அநியாயம்' என்று மெயில் எழுதியிருந்தார். கம்பெனி தன் பக்கம் சரியாக இருந்த இரண்டு வரிகளுக்கு மட்டும் விளக்கமாகப் பதில் போட்டு, 'புகார் முடிக்கப்பட்டது' என்று மூடிவிட்டது. உண்மையான தப்பு நாலாவது வரியில் இருந்தது, அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அதனால் உங்கள் மெயிலில் சர்வர், டிஸ்க் வரிகளை ஏற்றுக்கொள்கிறேன் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். பிறகு ஒரே கேள்வி: '1,340 ஜிபிக்கும் 8 ரூபாய் போட்டிருக்கிறீர்கள், விலைப்பட்டியலின் எந்த வாசகப்படி 100 ஜிபி இலவசமும் 6 ரூபாய் ஸ்லாப்பும் எனக்கு இல்லை?' இதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும், சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை. 1,746.40 ரூபாயை 15 நாளில் திருப்பித் தரும்படி கேட்டு முடித்துவிடுங்கள்.

மெயில் அனுப்பும் முன் ஆதாரங்களை இறக்கி வையுங்கள். விலைப்பட்டியல் பக்கத்தை அவர்கள் நாளையே மாற்றலாம், அதனால் தேதி தெரியும்படி பிடிஎஃப் ஆக எடுங்கள். டாஷ்போர்டிலிருந்து மே மாதப் பயன்பாட்டு விவரத்தை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, திறந்து திருத்தாமல் அப்படியே ஒரு பிரதி வைத்திருங்கள். அதில் நேரம் யுடிசி கணக்கில் இருந்தால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கி இருக்கும், மாதத்தின் முதல் நாளும் கடைசி நாளும் பொருந்தாதது போலத் தெரிந்தால் காரணம் அதுதான், அதை ஒரு தப்பாக எழுதிவிடாதீர்கள். வழக்கு என்று போனால் இந்தக் கோப்புகளுக்கு பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில், எந்தத் தேதியில் இறக்கினீர்கள் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், பெங்களூர் போக வேண்டியதில்லை, 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. விதிகளில் நடுவர் தீர்ப்பாயம் என்று எழுதியிருந்தாலும் அது நுகர்வோர் ஆணையத்தைத் தடுக்காது. ஒரு இடத்தில் மட்டும் எதிர்ப்பு வரும்: 'இவர் வணிக நோக்கத்தில் எடுத்தவர், நுகர்வோரே இல்லை' என்பார்கள். சுயதொழிலில் பிழைப்பவருக்கு 2019 சட்டம் தரும் விலக்கு பொருள் வாங்குவதைப் பற்றித்தான் சொல்கிறது, சேவை என்று அதில் வார்த்தை இல்லை, அதனால் அங்கே வாதாடித்தான் ஆகவேண்டும். ஆள் வைக்காமல், தனியாகத் தொழில் செய்கிறீர்கள் என்பதற்கு வருமான வரிக் கணக்கைத் தயாராக வையுங்கள். 1,746 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் ஏப்ரலிலும் 1,000 ஜிபி தாண்டியிருந்தால் அந்த பில்லையும் வகுத்துப் பாருங்கள், அதே 8 ரூபாய் வந்தால் அந்தப் பணத்தையும் இதே மெயிலில் கேட்டுவிடலாம்.

அந்த இரண்டாவது சர்வர் இன்னும் டாஷ்போர்டில்தான் இருக்கிறது. டிஸ்கில் உள்ளதை பேக்அப் எடுத்துவிட்டு இன்றைக்கே நீக்குங்கள், மணிக்கு 2.40 ரூபாய் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.