சம்பளம் இல்லாத தம்பியிடம் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயைப் பராமரிக்க ஒரு குழு வைத்திருக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியையான நான் அதன் செயலாளர். கார்த்திகையில் கரையடியில் 120 மரக்கன்று நட்டோம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஒரு தம்பி தானாகவே ஏற்றுக்கொண்டார். இப்போது பங்குனி, எழுபதுதான் உயிரோடு நிற்கிறது. கன்று வாங்கப் பணம் கொடுத்தவர்கள் கேட்கிறார்கள். "சும்மா வந்து உழைக்கிற பையனை என்னத்தைக் கேட்பது" என்று குழுவில் பாதிப் பேர். "ஆளை மாற்றுங்கள்" என்று மீதிப் பேர். சம்பளமும் இல்லை, இலக்கும் வைக்கவில்லை. அவருடைய வேலையை எப்படி மதிப்பிடுவது?

பதில்: கேட்கலாம். ஆனால் அந்தத் தம்பியிடம் போவதற்கு முன்னால் கரைக்குப் போங்கள். காலை வெயில் ஏறுவதற்குள், ஒரு நோட்டும் பேனாவும், கூட ஒருவரும் போதும். மடையிலிருந்து கலுங்கு வரை நடந்து, செத்துப்போன ஒவ்வொரு கன்றுக்கும் எதனால் போனது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

இது ஒன்றும் கஷ்டமான ஆராய்ச்சி இல்லை. நுனி கடிபட்டு, தண்டு மொட்டையாக நின்றால் ஆடு. நகத்தால் பட்டையைச் சுரண்டும்போது உள்ளே பச்சை தெரிந்தால் அது இன்னும் சாகவில்லை. இலை உதிர்ந்ததை வைத்து செத்த கணக்கில் சேர்த்திருப்பீர்கள், எடுத்துவிடுங்கள். உள்ளே பழுப்பாகக் காய்ந்திருந்து, கடித்த தடமும் இல்லையென்றால், கன்றை மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். வேரைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தால், பையைக் கிழிக்காமல் குழியில் இறக்கியிருக்கிறார்கள். போட்டோ எடுக்கவும் வாழ்த்துப் பேசவும் கூட்டம் கூடும் நடவு நாளில் இது சர்வசாதாரணம். அந்தக் கன்றுக்கு அந்தத் தம்பி குடம் குடமாக ஊற்றியிருந்தாலும் வேர் வெளியே போக வழியில்லை. பையும் இல்லாமல் காய்ந்து நிற்பதுதான் தண்ணீர் போதாமல் போனது.

கணக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: செத்த 50 கன்றில் ஆடு கடித்தது 18, பை கிழிக்காதது 9, காய்ந்தது 23. ஆட்டுக்கு முள்வேலியோ கூண்டோ வைத்திருக்க வேண்டியது குழு. பையைக் கிழித்திருக்க வேண்டியது நடவுக்கு வந்த கூட்டம். ஆக, அவரிடம் பேச வேண்டியது 50 கன்றைப் பற்றி அல்ல, 23 கன்றைப் பற்றி. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் உட்கார்ந்தால், பேச்சு தொடங்கிய இரண்டாவது நிமிஷமே "ஆடு கடிச்சதுக்கு நான் என்ன டீச்சர் பண்றது?" என்று கேட்பார். அதில் நியாயமும் இருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

அந்த 23-உம் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் மோட்டாரின் ஹோஸ் எட்டாத கோடியில்தான் இருக்கும். மாசி, பங்குனியில் கண்மாய்த் தண்ணீர் உள்வாங்கிவிடுவதால் தையில் எட்டிய ஹோஸ் இப்போது எட்டாது. மீதியைக் குடத்தில்தான் சுமக்க வேண்டும். இந்த வெயிலுக்குக் கன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர், வாரம் இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸுக்கு வெளியே 50 கன்று இருந்தால் ஒரு நடைக்கு 500 லிட்டர். 12 லிட்டர் குடத்தில் 42 குடம். ஒரு குடத்துக்குப் போக வர நாலு நிமிஷம் என்றாலும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வாரத்துக்கு ஆறு மணி நேரம், ஒற்றை ஆள், குடத்தோடு. வேலைக்குப் போகிற பையனிடம் அவ்வளவு நேரம் இருந்ததா என்று நடவு அன்று யாராவது கேட்டீர்களா? அவர் "நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னபோது எல்லோரும் கை தட்டியிருப்பீர்கள். அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

இலக்கு வைக்காத வேலையை மதிப்பிடும்போது பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். விளைவை மட்டும் பார்த்து ஆளுக்கு மதிப்புப் போடுகிறோம். மழை, ஆடு, மோட்டார் என்று பத்து விஷயம் சேர்ந்து விளைவைத் தீர்மானிக்கும் வேலையில் அது சரிப்படாது. இப்படிப்பட்ட பொறுப்பில் ஒருவரிடம் நியாயமாகக் கேட்கக்கூடியவை மூன்று: வருகிறேன் என்ற நாளில் வந்தாரா? வர முடியாதபோது முன்கூட்டிச் சொன்னாரா? தன்னால் சமாளிக்க முடியவில்லை என்று தெரிந்ததும் வாய்திறந்து கேட்டாரா?

முதல் இரண்டுக்கும் யாருடைய ஞாபகத்தையும் நம்பாதீர்கள். போன வாரம் வராதது பளிச்சென்று நினைவிருக்கும், தையில் நாலு ஞாயிறும் விடாமல் வந்தது மறந்திருக்கும். மோட்டாருக்குப் பெட்ரோல் வாங்கிய ரசீதுகள் பொருளாளரிடம் இருக்குமே, அந்தத் தேதிகளை எடுத்து வையுங்கள். எந்த நாளில் மோட்டார் ஓடியது என்பது ஓரளவு தெரிந்துவிடும். குழுவின் வாட்ஸ்அப்பில் அவர் போட்ட செய்திகளையும் தேதிவாரியாகப் பாருங்கள். போட்டோ அதிகம் போடுகிறவர் அதிகம் உழைத்தவர் போலத் தெரிவதும், போனைத் தொடாமல் குடம் தூக்கியவர் கண்ணில் படாமல் போவதும் எல்லாக் குழுவிலும் நடக்கிறது.

மூன்றாவதுதான் உண்மையில் கனமானது. பாதிக் கன்றுக்குத்தான் ஊற்ற முடிந்தது என்ற வாரத்திலும் "தண்ணி ஊத்தியாச்சு" என்று செய்தி போட்டிருந்தால், அங்கேதான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. வேலை நடக்காததைவிட, நடக்காதது உங்களுக்குத் தெரியாமல் போனதுதான் நஷ்டம். மாசியிலேயே சொல்லியிருந்தால் இன்னொரு நூறு அடி ஹோஸ் வாங்கியிருப்பீர்கள்.

இனி பேச்சு. குழுக் கூட்டத்தில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். அவர் வீட்டுக்குப் போய் அம்மா அப்பா எதிரில் கேட்பதும் கூடாது. நீங்களும் இன்னொருவரும் மட்டும், கரையிலேயே, அந்தக் காய்ந்த கோடிக்கு நடந்தபடி பேசுங்கள். முக்கால் மணி நேரம் போதும். "உங்கள் வேலையை மதிப்பிடப் போகிறோம்" என்று அழைத்தால் மனுஷன் வரமாட்டார். "நாலு மாசம் ஆச்சு தம்பி, எப்படிப் போகுதுன்னு ஒருக்கா உக்காந்து பாத்துருவோம்" என்றால் வருவார். ஆனால் எதைப் பற்றி என்பதை மறைக்காதீர்கள். எண்ணிக்கை எடுத்திருக்கிறோம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

முதலில் அவரைப் பேசவிடுங்கள். "எது நல்லாப் போச்சு, எது கையை மீறிப் போச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஆசிரியையாக இருந்தவருக்கு இந்தச் சும்மா இருப்பது சிரமம்தான். பிறகு உங்கள் நோட்டைக் காட்டி, ஆட்டுக்கும் பைக்கும் போன 27 கன்று குழுவின் கணக்கில் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு மீதியைக் கேளுங்கள்: "மாசி கடைசில ரெண்டு வாரம் ஊத்தியாச்சுன்னு போட்டிருந்தீங்க. இந்தப் பக்கம் 23 காஞ்சிருக்கு. அந்த ரெண்டு வாரம் என்ன நடந்துச்சு?" தேதியும் இடமும் இருக்கும் கேள்விக்குப் பதில் வரும். "பொறுப்பே இல்லையே தம்பி" என்றால் சண்டையோ மௌனமோதான் வரும்; இரண்டு வாரத்தில் ஆளும் நின்றுவிடுவார்.

மார்க், ஸ்டார், 'சிறந்த தன்னார்வலர்' பட்டம் எதுவும் வேண்டாம். கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பட்டம் கொடுத்தால் மற்ற பத்துப் பேர் தங்களுக்கு என்ன மார்க் என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். அவர் உங்களை மதிப்பிடவும் ஒரு கேள்வி வையுங்கள்: "நாங்க செய்யாம விட்டது என்ன?" பெட்ரோல் காசைக் கைக்காசாகப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் கேட்கக் கூச்சப்பட்டிருந்தால் அது இங்கேதான் வெளிவரும்.

பேசி முடித்ததும் ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏற்பது என்ன, குழு கொடுப்பது என்ன, மறுபடி எப்போது பார்ப்பது, அவ்வளவுதான். உதாரணத்துக்கு: உயிரோடு உள்ள 70 கன்றில் ஹோஸ் எட்டும் பகுதிக்கு அவர் புதன், ஞாயிறு ஊற்றுவார், கோடிப் பகுதிக்குக் குழு இரண்டு பேரைத் தரும், ஹோஸும் வாங்கும், வர முடியாவிட்டால் முந்தின நாள் இரவுக்குள் உங்களுக்கு ஒரு போன், செய்தி போடும்போது ஊற்றிய கன்று எத்தனை என்று எண்ணாகப் போடுவார். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் மதுரைப் பக்கம் யாரும் வேலைக்கு வரப்போவதில்லை. அந்த வாரத்துக்கு மாற்று ஆள் யார் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். எட்டு வாரம் கழித்து அதே நோட்டோடு மறுபடி நடங்கள்.

எட்டு வாரத்திலும் செய்தி ஒன்றும் கரை ஒன்றுமாக இருந்தால், தண்ணீர்ப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். ஆளைக் குழுவை விட்டு அனுப்பத் தேவையில்லை. மோட்டார் ரிப்பேர், சீமைக்கருவேலம் வெட்டும் நாளில் ஆள் சேர்ப்பது என்று அவருக்குக் கைவந்த வேலை ஏதாவது இருக்கும். பணம் கையாடல், குழந்தைகள் பாதுகாப்பு, குடித்துவிட்டு வருவது, இந்த மூன்றில் மட்டும் எட்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றே நிறுத்துங்கள், கமிட்டிக்கும் சொல்லுங்கள்.

பணம் கொடுத்தவர்களுக்குத் தம்பியின் பெயரைச் சொல்லாதீர்கள். எத்தனை கன்று நிற்கிறது, எதனால் எத்தனை போனது, என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று நாலு வரி அனுப்பினால் போதும். "உடனே மாற்றுக் கன்று நடுங்கள்" என்று யாராவது காசு நீட்டுவார்கள். வாங்கி வைத்துக்கொண்டு ஐப்பசி மழை வரை காத்திருங்கள். இந்த வெயிலில் நட்டால் தண்ணீர்ச் சுமைதான் கூடும், கன்றும் பிழைக்காது. அந்த நடவு அன்று வேறு எந்த வேலையும் கொடுக்காமல் ஒரே ஒருவரைப் பை கிழிக்க மட்டும் நிறுத்துங்கள்.