கிளிக்ளசைடு வகை மாத்திரைகளும் லோ சுகரும்: கேள்வி பதில்

மடிப்பாக்கம் மகன்: அம்மாவுக்கு 76 வயது, 42 கிலோ. கிளிக்ளசைடு எம்.ஆர். 60, காலையில் இரண்டு. இரண்டு நாள் பேதி, வெறும் கஞ்சித் தண்ணீர்தான். விடியற்காலை வாய் குழறியது, இடது கையைத் தூக்க முடியவில்லை. ஸ்ட்ரோக் என்று ஓடினோம். சர்க்கரை 38. குளுக்கோஸ் ஊசி போட்டதும் 160 ஆகி, கையும் சரியாகிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் மாத்திரையே கொடுக்கவில்லை, இருந்தும் விடியற்காலை 44! எப்படி?

முதலில் மாத்திரை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல், ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைப் பார்த்துத்தான் இன்சுலினை வெளியே விடும். அந்தச் செல்லின் சுவரில் பொட்டாசியம் போய்வரும் ஒரு வழி உண்டு. சர்க்கரை ஏறினால் அது மூடும், இன்சுலின் வெளிவரும். சர்க்கரை இறங்கினால் திறக்கும், சுரப்பு நிற்கும். கிளிக்ளசைடு, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைட், கிளிபிசைடு எல்லாம் நேரே போய் அந்த வழியை மூடிவிடுகின்றன. சர்க்கரை 250 இருந்தாலும் 65 இருந்தாலும் மாத்திரைக்கு அது தெரியாது. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்றும் தெரியாது.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருவோம். 120 மில்லிகிராம் என்பது எம்.ஆர். மாத்திரையின் உச்ச அளவு. அதை எழுதியபோது அவர் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோ கூட இருந்திருப்பார், மூன்று வேளையும் சாப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். எடை குறைந்தது, சாப்பாடு குறைந்தது, மாத்திரை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதன்மேல் பேதி வந்தது. ஒரு நாள் ஒழுங்காகச் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு கரைந்துவிடும். மெலிந்தவர்களுக்கு அது முதலிலேயே குறைவு.

நீங்கள் அனுப்பிய பழைய ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.8 இருக்கிறது. "கொஞ்சம்தான் கூட" என்று தோன்றும். ஆனால் 76 வயதுப் பெண்ணுக்குக் கணக்குப் போட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 29தான் வருகிறது. கிளிக்ளசைடைக் கல்லீரல்தான் செயலிழக்கச் செய்கிறது, அதனால் சிறுநீரகம் பழுதானாலும் அவ்வளவாகத் தேங்காது என்பார்கள். அது சரிதான். ஆனால் உடம்பிலுள்ள இன்சுலினை அழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பட்டினி நேரத்தில் சர்க்கரை தயாரிக்கும் உறுப்பும் அதுதான், கல்லீரலுக்கு அடுத்தபடியாக. அது தளர்ந்தால் சுரந்த இன்சுலின் நீண்ட நேரம் நிற்கும், ஈடுகட்டச் சர்க்கரையும் வராது. 30க்குக் கீழே போனவர்களுக்குக் கிளிக்ளசைடே வேண்டாம் என்றுதான் மருந்துக் குறிப்பு சொல்கிறது.

மறுநாள் 44 ஆனதற்குக் காரணம் எம்.ஆர். மாத்திரை ஒரு நாள் முழுக்க மெல்ல வெளிவரும்படி செய்யப்பட்டது. 160 என்ற எண் ஊசியில் போன குளுக்கோஸின் எண், மாத்திரை போய்விட்டதற்கான அடையாளம் இல்லை. போதாததற்கு, மாத்திரை ஏற்கெனவே தூண்டிவிட்ட கணையத்துக்கு ஊசிக் குளுக்கோஸ் இன்னொரு தூண்டுதல். அதனால்தான் இந்த வகை மாத்திரையால் வரும் கடுமையான லோவுக்குக் குறைந்தது 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்து, குளுக்கோஸ் டிரிப் ஓடவிட்டு, அடிக்கடி விரல் குத்திப் பார்ப்பார்கள். சிறுநீரகம் பழுது என்றால் இன்னும் கூடுதல் நேரம். விடாமல் இறங்கினால் இன்சுலின் சுரப்பையே அடக்கும் ஆக்ட்ரியோடைட் ஊசி உண்டு. கையெழுத்துப் போட்டு வந்திருக்கக் கூடாது. இப்போதே திரும்பப் போங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு.

இரண்டாம் ஆண்டு பி.பார்ம்: இதை யார் கண்டுபிடித்தது?

1942இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் ஜான்பான் என்ற மருத்துவர் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்ஃபா மருந்து ஒன்றைக் கொடுத்தார். சிலருக்குச் சர்க்கரை தாறுமாறாக இறங்கியது, சிலர் இறந்தார்கள். ஏன் என்று அவருடைய சகா லூபத்தியேர் நாய்களில் சோதித்துப் பார்த்தார், கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்கு இறங்கவில்லை. இந்த வகை மருந்து அறிமுகமானதே லோ சுகர் வழியாகத்தான். டைபாய்டுக்காரர்கள் சாப்பிடாமல் கிடந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள்.

அம்பத்தூர் ஆபரேட்டர்: நான் மெட்ஃபார்மின் மட்டும்தான் போடுகிறேன். மதியம் லேட்டானால் கை நடுக்கம், வியர்வை, 58 வரை பார்த்திருக்கிறேன். சர்க்கரை போட்டு டீ குடித்தும் சட்டென ஏறவில்லை.

மெட்ஃபார்மின் மட்டும் போட்டால் 58 வருவது அபூர்வம். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்து இங்கே எழுதுங்கள்.

அம்பத்தூர் ஆபரேட்டர்: கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500, வோக்ளிபோஸ் 0.2 என்று இருக்கிறது. ஒரே மாத்திரைதானே!

ஒரே மாத்திரை, மூன்று மருந்து. கைநடுக்கம் முதலாவதால். டீ வேலை செய்யாதது மூன்றாவதால். நாம் டீயில் போடும் சர்க்கரையைக் குடல் உடைத்தால்தான் அது ரத்தத்தில் சேரும். வோக்ளிபோஸ் அந்த உடைப்பைத்தான் தாமதப்படுத்துகிறது. சாக்லேட்டுக்கும் மிட்டாய்க்கும் இதே கதி. நீங்கள் பையில் வைத்திருக்க வேண்டியது மெடிக்கல் ஷாப் குளுக்கோஸ் பவுடர். 70க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி அளவு, தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு சாப்பிட வேண்டும். குளுக்கோஸோடு நிறுத்தினால் மடிப்பாக்கத்துக் கதைதான், மறுபடி இறங்கும். ஷிப்ட் நேரத்தைச் சொல்லி மருத்துவரிடம் மாத்திரையை மாற்றச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில இருந்து: அப்பாக்கு 71. கன வருசமா கிளிபென்கிளமைட் 5 குடிக்கிறார், ஒரு பிரச்சினையும் இல்லை. மாத்த வேணுமோ?

அடுத்த கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள். கல்லீரல் கிளிபென்கிளமைடை உடைத்த பிறகும் வரும் துண்டுகள் வேலை செய்துகொண்டே இருக்கும், அவை வெளியேறச் சிறுநீரகம் வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிட்டு, கிளிக்ளசைடை முன்னே வைத்தது. "ஒரு பிரச்சினையும் இல்லை" என்பதை இராத்திரியில் உடுப்பு வியர்வையில் நனைகிறதா, காலையில் தலையிடியா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை சாப்பாடு இல்லாத வேளைக்கு மாத்திரை இல்லை.

லோ சுகர் பிரியை: லோ சுகர் பிஸ்கட்டில் எந்த பிராண்டு நல்லது?

நாங்கள் பேசுவது வேறு லோ சுகர், அம்மா.

மருந்து ரெப்: கிளிமிபிரைடைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கிளிக்ளசைடு எம்.ஆர். லோ ஆக்காது. 11,000 பேரை வைத்து அட்வான்ஸ் ஆய்வே நடந்திருக்கிறது. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

பாதி சரி. இந்தக் குடும்பத்தில் கிளிக்ளசைடு சாதுதான். 2008இல் வந்த அதே ஆய்வில், ஐந்தாண்டில், கடுமையான லோ கிளிக்ளசைடு கொடுத்துக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்திய குழுவில் 2.7 சதவீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 1.5 சதவீதம். குறைவுதான், பூஜ்யம் இல்லை. சேர்ந்தவர்களின் சராசரி வயது 66, ஆய்வுக் குழு விடாமல் கவனித்த ஆட்கள். பேதியோடு கஞ்சி குடித்த 42 கிலோ அம்மாவுக்கு அந்தச் சதவீதம் பொருந்தாது.

திருச்சி வாசகி: எங்கள் மாமியார் இதே மாதிரி லோவில் விழுந்து இடுப்பு முறிந்தது. இந்த வகையையே தடை செய்ய வேண்டும். சிடாகிளிப்டின் இருக்கும்போது எதற்கு இது?

கிராமத்து டாக்டர்: தடை செய்துவிட்டு என் நோயாளிக்கு எதைக் கொடுப்பேன்? மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 10இல் வருகிறார், கூலி வேலை. கிளிப்டின் முக்கால் புள்ளி இறக்கும், கிளிமிபிரைடு ஒன்றரை இறக்கும், அதுவும் சில்லறைக் காசில்.

திருச்சி வாசகி: 2022இல் காப்புரிமை முடிந்து சிடாகிளிப்டினும்தான் விலை இறங்கிவிட்டதே டாக்டர்.

கிராமத்து டாக்டர்: இறங்கியது, அதனால் வீரியம் கூடிவிடவில்லை. 45 வயது, நன்றாகச் சாப்பிடுகிற, சிறுநீரகம் ஒழுங்காக உள்ள ஆளுக்கு இது அருமையான மருந்து. 76க்கு நானும் கொடுக்க மாட்டேன்.

நான் டாக்டர் பக்கம், ஒரு மனக்குறையோடு. 45 வயதில் எழுதிய மாத்திரையை 76 வரை யாரும் குறைப்பதில்லை. கிளிப்டினை மேலே சேர்க்கும்போதுகூட பழையதைப் பாதியாக்குவதில்லை. அப்புறம், முதியவருக்கு ஹெச்பிஏ1சி 6.1 வந்தால் வீட்டில் பாராட்டுகிறார்கள். இந்த மாத்திரையில் இருப்பவருக்கு அந்த எண் வந்தால் நான் முதலில் இராத்திரி லோவைத்தான் சந்தேகிப்பேன். தளர்ந்தவர்களுக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்பது என் கட்சி.

கிராமத்து டாக்டர்: 8 அதிகம். 7.5.

திருச்சி வாசகி: இரண்டு பேரும் இடுப்பு எலும்பைப் பற்றிப் பேசவே இல்லை.

சஷ்டி விரதக்காரர்: ஆறு நாள் ஒருவேளைச் சாப்பாடு. கிளிக்ளசைடு போடலாமா?

ஆறு நாளைக்கான அட்டவணையை விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் வாங்குங்கள். நோன்பு வைப்பவர்களுக்குக் காலை வேளையை இஃப்தாருக்கு மாற்றித் தருவது போல இதற்கும் வழி உண்டு. வெறும் வயிற்றில் காலை மாத்திரை மட்டும் கூடாது. ரத்தப் பரிசோதனைக்குப் பட்டினியாக லேபில் காத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

ராஜபாளையம்: என் பையனுக்கு 9 வயது, இன்சுலின் பம்ப் பற்றி...

என் துறை இல்லை. குழந்தைகள் நீரிழிவு மருத்துவரைப் பாருங்கள்.

பெயர் வேண்டாம்: எனக்கு 62 வயது, கிளிமிபிரைடு 1. நிறுத்திவிடலாமா?

இன்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டீர்கள். நிறுத்து, தொடர் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். எடை, கிரியாட்டினின், சாப்பாட்டு நேரம், லோ வந்த நாட்கள் நாலையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அட்டையின் பின்பக்கத்தையும்.

இதய நோயாளி: மெட்டோப்ரொலால் போடுகிறேன். லோ ஆனால் படபடப்பு வருவதில்லை, வியர்வை மட்டும்தான்.

அந்த மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைக்கும், வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் வியர்த்தால் விரலைக் குத்திப் பாருங்கள், குறிப்பாக வண்டி எடுக்கும் முன்.

சேலத்து அக்கா: அப்பா கிளிக்ளசைடு போடுகிறார். வாய்ப்புண்ணுக்கு மைக்கோனசோல் ஜெல் எழுதியிருக்கிறார்கள். ஜெல்தானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது. வாயில் தடவுவது விழுங்கப்படும், கல்லீரல் கிளிக்ளசைடை உடைப்பதைத் தடுக்கும். இந்த ஜோடி சேரவே கூடாது என்று எழுதியே இருக்கிறது. ஃப்ளூகோனசோல் மாத்திரை, கோட்ரைமாக்சசோல், கிளாரித்ரோமைசின் எழுதினாலும் சர்க்கரை மாத்திரையைக் காட்டிக் கேட்க வேண்டும். தடவ ஆரம்பிக்கவில்லை என்றால் எழுதியவரைக் கூப்பிட்டு நிஸ்டாடின் தரலாமா என்று கேளுங்கள். ஆரம்பித்துவிட்டார் என்றால் இன்று இரவு படுக்கும் முன்பும் விடியற்காலையும் சர்க்கரை பாருங்கள், எழுதியவருக்கும் உடனே சொல்லிவிடுங்கள்.