இரண்டாம் நாள் காலையில் முதல் அரை மணி நேரம்

கேள்வி: பணியிடங்களில் இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறேன். இரண்டாம் நாள் காலையில், முந்தைய நாள் பாடத்தை ஸ்லைடுகள் போட்டு அரை மணி நேரம் நானே தொகுத்துச் சொல்கிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் மதியம் செய்முறைக்கு வந்தால், சி.பி.ஆர். படிகளே பலருக்கு மறந்துபோயிருக்கிறது. சிலர் தாமதமாக வருகிறார்கள். ஓரிருவர் முதல் நாள் வராமலே இரண்டாம் நாள் வந்து உட்காருகிறார்கள். அந்த அரை மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது? – வாசகி ஒருவர்

பதில்: அந்த அரை மணி நேரத்தில் நினைவுகூரும் வேலை முழுவதையும் நீங்களே செய்துவிடுகிறீர்கள். ஸ்லைடில் வரும் ஒவ்வொரு வரியும் பார்த்த வரியாக இருப்பதால், ‘இது எனக்குத் தெரியும்’ என்ற எண்ணம் பங்கேற்பாளருக்கு எளிதாக வந்துவிடுகிறது. தலையாட்டலுக்குப் பொருள் அவ்வளவுதான். கண்ணெதிரே இருப்பதை அடையாளம் காண்பது வேறு, எதிரே ஒன்றும் இல்லாதபோது மனத்திலிருந்து எடுத்துச் செய்வது வேறு. மயங்கிக் கிடப்பவர் முன்னால் மண்டியிடும்போது இரண்டாவது திறன்தான் தேவைப்படுகிறது. உங்கள் மீள்பார்வை முதலாவதை மட்டுமே தொடுகிறது.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைப் படித்தபின், ஒரு சாரார் அதையே மீண்டும் படித்தார்கள்; மற்றொரு சாரார் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மீண்டும் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் வைத்த தேர்வுகளில் நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். அந்த ஐந்து நிமிட முடிவைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஸ்லைடு காட்டி முடித்த கையோடு அரங்கம் தெம்பாகத் தெரிவதற்கும், மதியம் அது வடிந்துபோவதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது.

ஆகவே ஸ்லைடுகளை அணைத்துவிடுங்கள். முதல் நாள் எழுதிச் சுவரில் ஒட்டிய சார்ட்டுகளை, அவர்கள் வரும் முன்பே திருப்பி ஒட்டிவையுங்கள். குறிப்பேடுகள் மூடியிருக்கட்டும். ஆளுக்கொரு வெற்றுத் தாளைக் கொடுத்து, மூன்று அல்லது நான்கு நிமிடம் யாரோடும் பேசாமல் எழுதச் சொல்லுங்கள். தனியாக எழுதும் இந்தப் பகுதியை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அரங்கத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டால், எப்போதும் பேசும் மூன்று பேர் விடை சொல்வார்கள். மற்றவர்கள் அதைக் கேட்டுத் தங்களுக்கும் அது தெரிந்திருந்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

எதைக் கேட்பது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். “நேற்று என்ன படித்தோம்?” என்று கேட்டால் தலைப்புகள்தான் பட்டியலாக வரும். மாறாக, ஒரு நிலைமையைக் கொடுங்கள்: “வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் சரிந்து விழுகிறார். தோளைத் தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை வாயைத் திறந்து, குறட்டை போன்ற ஓசையோடு ஒரு மூச்சு இழுக்கிறார். நீங்கள் செய்வதை வரிசையாக எழுதுங்கள்.”

இந்த ஒரு கேள்வி நிறையவற்றைக் காட்டிக்கொடுக்கும். ‘மூச்சு இருக்கிறது; ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காத்திருப்பேன்’ என்று சிலர் எழுதுவார்கள். இதய இயக்கம் நின்றபின் தொடக்கத்தில் வரக்கூடிய அந்த இழுப்பு, இயல்பான மூச்சு அல்ல. அதை மூச்சு என்று எண்ணிக் காத்திருந்தால் உயிர் போய்விடும். சிலர் நாடியைத் தேடுவதை முதல் படியாக எழுதுவார்கள். அதைப் பொதுமக்களுக்கான பயிற்சியில் வலியுறுத்துவதில்லை, ஏனென்றால் பழக்கமில்லாதவர் நாடியைத் தேடுவதில் நேரமும் போகிறது, முடிவும் தவறிவிடுகிறது. ஆம்புலன்ஸை அழைப்பதையும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவியை எடுத்துவரச் சொல்வதையும் பலர் மறந்தேபோயிருப்பார்கள். நெஞ்சை அமுக்கும் வேகத்தையும் ஆழத்தையும் பற்றி எழுதும்போது எண்கள் குழம்பிக் கிடக்கும். நீங்கள் ஸ்லைடு காட்டியிருந்தால் இவற்றில் ஒன்றுகூட உங்களுக்குத் தெரியவந்திருக்காது.

எழுதி முடித்ததும், நேற்று வேறு மேசையில் இருந்த ஒருவரோடு இணையாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் தாள்களை ஒப்பிடட்டும். இடைவேளைக்குப் பின் திரும்பியவர்களை மீண்டும் ஒரு குழுவாக்கும் வேலை இங்கேயே நடந்துவிடுகிறது. இதற்கென்று தனியாக விளையாட்டு ஒன்றை வைக்க வேண்டியதில்லை. ‘நீங்கள் ஏன் இதை மூன்றாவதாக எழுதினீர்கள்?’ என்று ஒருவரையொருவர் கேட்பதே போதிய நெருக்கத்தைத் தரும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஐந்து நிமிடமும் நீங்கள் மேசைகளுக்கிடையே நடந்து, திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தாள்களை வாங்காதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள். வாங்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் பக்கத்துத் தாளைப் பார்த்துச் சரியாக எழுதிவிடுவார்கள்.

அடுத்துத் திருத்தம். இதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் தவறாக நினைவுகூர்ந்தது திருத்தப்படாமல் போனால் அந்தத் தவறே படிந்துவிடும். இப்போது சார்ட்டுகளைத் திருப்புங்கள். அவரவர் தாளை அவரவரே திருத்தட்டும். நீங்கள் குறித்த பிழைகளில் இரண்டை மட்டும் எடுத்துப் பேசுங்கள், அதையும் பயிற்சிப் பொம்மையின் அருகில் நின்று பேசுங்கள். நெஞ்சின் நடுவில் கை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையிலான வேகத்தில், வளர்ந்தவருக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமலும் ஆறைத் தாண்டாமலும் அமுக்க வேண்டும் என்பதை வாயால் சொல்வதைவிட, இணையில் ஒருவர் 30 முறை அமுக்க, மற்றவர் எண்ணிக்கொண்டே நெஞ்சு ஒவ்வொரு முறையும் முழுமையாக மேலெழுகிறதா என்று பார்ப்பது நன்றாகப் பதியும். எல்லா இணைகளுக்கும் பொம்மை போதாது என்றால் இரண்டு இணைகள் செய்ய, மற்றவர்கள் சுற்றி நின்று பிழை கண்டுபிடிக்கட்டும்.

கடைசிக் கேள்வி அன்றைய பாடத்துக்குள் அழைத்துச் செல்ல வேண்டும். இரண்டாம் நாளில் இரத்தப்போக்கிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “அதே இடம். இவருக்கு நினைவு இருக்கிறது, பேசுகிறார். ஆனால் காலிலிருந்து இரத்தம் பீறிடுகிறது. நேற்றைய படிகளில் எவை இங்கும் பொருந்தும், எவை பொருந்தா?” என்று கேளுங்கள். இடத்தின் பாதுகாப்பைப் பார்ப்பதும் உதவிக்கு அழைப்பதும் பொருந்தும் என்பதை அவர்களே சொல்வார்கள். நெஞ்சை அமுக்குவது பொருந்தாது என்பதையும் சொல்வார்கள். ‘அப்படியானால் என்ன செய்வது?’ என்று யாராவது கேட்கும் இடத்தில் உங்கள் முதல் பாடம் தொடங்கிவிடுகிறது.

தாமதமாக வருபவருக்காக மீண்டும் முதலிலிருந்து தொடங்காதீர்கள். ஏற்கெனவே எழுதி முடித்த ஓர் இணையோடு அவரை உட்காரவைத்து, நிலைமையைச் சொல்லி, ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். முதல் நாள் முழுவதும் வராதவரின் நிலை வேறு. நினைவுகூர அவரிடம் ஒன்றும் இல்லை. எந்த மீள்பார்வையும் அவருக்கு ஒரு நாள் பாடத்தை ஈடுசெய்யாது. அவரைத் தனியாக அழைத்து இதைத் தெளிவாகச் சொல்லி, அடுத்த பட்டறையின் முதல் நாளுக்கு வரச் சொல்லுங்கள். அதுவரை சான்றிதழ் தராதீர்கள்.

இன்னொன்று. இந்த முறையில் பங்கேற்பாளர்கள் காலையில் கொஞ்சம் சோர்வார்கள், ‘நேற்றுத் தெரிந்தது இன்று தெரியவில்லையே’ என்பார்கள். அதைக் கண்டு மறுபடி ஸ்லைடுகளுக்குத் திரும்பிவிடாதீர்கள். ‘மறந்திருப்பது இயல்பு, அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுதச் சொன்னேன்’ என்று தொடங்கும்போதே சொல்லிவிட்டால் போதும். ஆனால் பாதிப் பேருக்கு மேல் அந்த இழுப்பை மூச்சு என்று எழுதியிருந்தால், அதை அரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். இரத்தப்போக்குப் பாடத்தைக் கால் மணி நேரம் தள்ளிவைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் பொம்மையின் முன் மண்டியிடவைத்து, மூச்சைப் பத்து நொடிக்குள் பார்த்து முடிவெடுக்கச் சொல்லுங்கள்.