ஸ்ட்ரைக் வந்தா காசைத் திருப்பி வாங்கலாமா?

"அண்ணா, நான் வந்தாறுமூலையில படிச்சிட்டு இப்ப ஒண்டாரியோ காலேஜ் ஒண்டில முதல் செமஸ்டர். லெக்சரர்மார் ஸ்ட்ரைக் செய்யப்போறாங்க எண்டு கதை. செய்தா, கட்டின காசைத் திருப்பி வாங்கிட்டுப் பிறகு படிக்கலாமா?"

தம்பி, அவசரப்படாத. ஊருல கம்பஸ் பூட்டினா முழு பேட்ச்சும் சேர்ந்து பின்னுக்குப் போகும். 2012இல அப்பிடித்தான், பரீட்சையும் பட்டமளிப்பும் தள்ளிப்போச்சு. இங்க தள்ளமாட்டாங்க, நெருக்குவாங்க.

2017 ஒக்டோபர் 16இல ஒண்டாரியோவில 24 அரச காலேஜிலயும் ஸ்ட்ரைக் தொடங்கினது. மாகாண அரசு சட்டம் போட்டு முடிச்சு, நவம்பர் 21இல வகுப்பு திரும்பத் தொடங்கினது. அஞ்சு கிழமை போச்சு. நான் அப்ப மாணவன். நத்தார் லீவைக் குறைச்சு, பாடத்தைச் சுருக்கி, மிச்சத்தை ஜனவரிக்குள்ள இழுத்தாங்க. டிசம்பர் கடைசியில ஆரையம்பதிக்கு வர எடுத்த ரிக்கெட்டை மாத்த வேண்டியதாப் போச்சு. இப்பிடியான மேலதிகச் செலவுக்கு 500 டொலர் வரைக்கும் ஒரு உதவி நிதி இருந்தது, பில்லைக் காட்டி விண்ணப்பிக்கணும். நடக்காத வகுப்புக்கு வரவு பார்க்கேல்ல. ஊருல மாதிரி 80 வீதக் கணக்கெல்லாம் எங்கட காலேஜில இல்லை.

காசுக்கு வாறன். அந்த முறை, விலகுறவங்களுக்குக் கட்டணத்தை முழுசாத் திருப்பிக் குடுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. முடிவெடுக்க ரெண்டு கிழமை. பத்தில ஒரு பங்கு பேர் விலகினாங்க. அது அந்த ஸ்ட்ரைக்குக்குப் போட்ட விசேட உத்தரவு, அடுத்த முறையும் வரும் எண்டு நம்பி இருக்காத.

வந்தாலும், வெளிநாட்டு மாணவனுக்குக் கணக்கு வேற. ஸ்டடி பெர்மிட்டில இருக்கிறவன் படிப்பை 150 நாளுக்கு மேல நிறுத்திவைக்கக்கூடாது. டிசம்பர் 5இல விலகினா மே 4ஓட அது முடியும். உன்ட பாடம் செப்டம்பரில மட்டும் தொடங்குற பாடம் எண்டா, ஒன்பது மாசம் காத்திருக்கணும். அந்த லீவில வேலையும் செய்யேலாது. வேற காலேஜுக்கு மாறுவம் எண்டா, 2024 நவம்பரில இருந்து அதுக்குப் புதுப் பெர்மிட் எடுக்கணும். திரும்பக் கிடைக்கிற காசு வாடகையிலயே கரைஞ்சிடும்.

இன்னொண்டு. ஸ்ட்ரைக் கிழமை எண்டது காலேஜ் நாட்காட்டியில போட்ட லீவு இல்லை. பொடியன்கள் "வகுப்புத்தான் இல்லையே" எண்டு ஃபுல் டைமா வேலைக்குப் போறது தெரியும். வெளி வேலைக்குக் கிழமைக்கு 24 மணித்தியாலம்தான், அதுக்குள்ளயே நில். பிறகு வேலை பெர்மிட் கேக்கேக்க இதெல்லாம் முன்னுக்கு வரும்.

விலகல் படிவத்தில கையெழுத்து வைக்க முதல், உன்ட ஒவ்வொரு பாடமும் அடுத்து எந்த மாசம் தொடங்குது எண்டு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஈமெயில் போட்டுக் கேள். பதிலை எடுத்து வை. டிசம்பர் ரிக்கெட்டை இப்ப எடுக்காத, எடுத்தாலும் திகதி மாத்தக்கூடியதா எடு.