பிரபேஷன் முடியப் போகிறது, எப்போது கேட்பது?

மண்டபத்திலிருந்து: சார், கணவாய் மீன் ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கேன். நவம்பர் 1 சேர்ந்தேன், 6 மாதம் பிரபேஷன். நிரந்தரமாக்கச் சொல்லி ஏப்ரல் கடைசியில் கேட்கட்டுமா?

வேண்டாம் தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வரத்து குறைந்ததும் ஷிப்டைக் குறைப்பார்கள். அந்த வாரத்தில் போய் நின்றால் "ஜூனில் பார்ப்போம்" என்பார்கள். நான் பர்சனல் ஆபிசராக இருந்தபோது ஒரு பையனிடம் அப்படித்தான் சொன்னேன். ஜூனில் நானே மறந்துவிட்டேன், அவனும் கேட்கவில்லை. ஆகஸ்டில் அவன் வேறு வேலைக்குப் போனபோதுதான் நினைவு வந்தது.

மார்ச் நடுவில், சரக்கு இறங்கி முடிந்த ஒரு மாலையில் மேனேஜரைப் பாருங்கள். "நிரந்தரமாக்குவீங்களா?" என்று கேட்டால் மழுப்பத்தான் தோன்றும். "என் மதிப்பீடு எந்த வாரம் சார், யார் எழுதுவாங்க, கையெழுத்து யாருது?" என்று கேளுங்கள். குளிர் அறை மைனஸ் 18க்கு மேல் ஏறியதை நீங்கள் கண்டுபிடித்துச் சொன்ன நாட்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அன்று இரவே, பேசியதை இரண்டு வரியில் மெயிலாக அனுப்பிவிடுங்கள்.

சம்பள உயர்வையும் அதே மூச்சில் கேட்கலாமா என்றால், எனக்கே இரண்டு மனசுதான்.

தொண்டியிலிருந்து: 6 மாத பிரபேஷன் முடிந்து 2 மாதம் ஆச்சு, லெட்டர் வரலை, சம்பளம் வருது. அப்போ நான் பெர்மனென்ட் தானே? 480 நாள் சட்டம் வேற இருக்கே.

சட்டம் இருக்கிறது, 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு அது. உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. கெடு தாண்டியதால் மட்டும் பொதுவாகத் தானாக நிரந்தரம் ஆகிவிடாது. ஆர்டரை எடுத்துப் பாருங்கள். "எழுத்து மூலம் உறுதி செய்யப்படும் வரை" என்று இருந்தால் நீங்கள் இன்னும் பிரபேஷனில்தான். "நீட்டிக்காவிட்டால் உறுதியானதாகக் கருதப்படும்" என்று இருந்தால் அந்த வரியைக் காட்டி லெட்டர் கேளுங்கள்.

கீழக்கரையிலிருந்து: என் மகன் துபாய்ல பிரபேஷன்ல இருக்கான். அந்த 480 நாள் அங்கே செல்லுமா பாய்?

செல்லாதும்மா, அது இங்குள்ள சட்டம். அங்கே பிரபேஷன் 6 மாதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் அனுப்புவதென்றால் 14 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து: ஓட்டல் ரிசப்ஷனில் இன்டர்ன். மே கடைசியில் முடியுது. நானும் மார்ச்சில் கேட்கணுமா?

உங்கள் கதை தலைகீழ். மண்டபத்தில் கம்பெனி தூங்கும்போதுதான் உங்கள் ரூமெல்லாம் நிறைகிறது. பள்ளி விடுமுறைக் கூட்டத்தில், மே முதல் வாரத்தில் கேளுங்கள், அப்போது ஆளை விட மனசு வராது. அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால் மட்டும், வேலை தருவதாக அதிலேயே எழுதியிருந்தால் ஒழிய அவர்களுக்குக் கடமை இல்லை. முதலில் அந்தத் தாளைத் தேடுங்கள்.