மூன்று இண்டிகேட்டர் சொல்லியும் ஏன் தப்பாகிறது?

*ஸ்விங் டிரேடிங் செய்கிறேன். சார்ட்டில் ஆர்எஸ்ஐ, ஸ்டொகாஸ்டிக், வில்லியம்ஸ் %ஆர் மூன்றும் வைத்திருக்கிறேன். மூன்றும் ஓவர்பாட் காட்டினால்தான் விற்பேன். அப்படி விற்ற பிறகும் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. நான்காவதாக சிசிஐ சேர்க்கலாமா?*
*— வாசகர், ஈரோடு*

வேண்டாம். இருப்பதிலேயே இரண்டை எடுத்துவிடலாம். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பங்கு கடந்த 14 நாட்களில் தொட்ட உச்சம் 520 ரூபாய், அடி 480 ரூபாய், இன்றைய முடிவு விலை 516 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 40 ரூபாய் இடைவெளியில் இன்றைய விலை அடியிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பதுதான் ஸ்டொகாஸ்டிக்கின் %K. 36-ஐ 40-ஆல் வகுத்தால் 90 சதவீதம். வில்லியம்ஸ் %ஆர் அதே இடைவெளியை உச்சத்திலிருந்து அளக்கிறது. உச்சத்துக்கு இன்னும் 4 ரூபாய் பாக்கி, அதாவது 10 சதவீதம். அதை மைனஸ் 10 என்று எழுதுவார்கள். இது தற்செயலாக வந்த பொருத்தம் இல்லை. எந்தப் பங்கை எடுத்தாலும், எந்த நாளிலும்,

```
%R = %K - 100
```

திரையில் இரண்டு கோடும் சற்று வேறுபட்டுத் தெரிந்தால், ஸ்டொகாஸ்டிக்கை 3 நாள் சராசரியாக மாற்றிக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். அந்த அமைப்பை 1 என்று மாற்றிப் பாருங்கள், ஒன்றின் மேல் ஒன்று அச்சாக உட்காரும். காய்ச்சலை செல்சியஸிலும் பாரன்ஹீட்டிலும் அளந்துவிட்டு, இரண்டு தெர்மாமீட்டர் உறுதி செய்துவிட்டன என்று சொல்வது போலத்தான் இது.

ஆர்எஸ்ஐ இவ்வளவு அப்பட்டமான நகல் இல்லை. அதே 14 நாட்களில் ஏறிய நாட்களின் ஏற்றமெல்லாம் சேர்த்து 42 ரூபாய், இறங்கிய நாட்களின் இறக்கம் 18 ரூபாய் என்போம். மொத்த அசைவு 60 ரூபாய். அதில் ஏற்றத்தின் பங்கு 70 சதவீதம், ஆகவே ஆர்எஸ்ஐ 70. (வெல்ஸ் வைல்டர் 1978-இல் தந்த முறையில் சராசரியைப் படிப்படியாகக் கணக்கிடுவதால் திரையில் எண் கொஞ்சம் மாறும். அடிப்படை இதுதான்.) 42-இல் 18 போனால் 24. அது வேறொன்றுமில்லை, 14 நாட்களுக்கு முன் 492-இல் முடிந்த பங்கு இன்று 516-க்கு வந்த தூரம். ஆக, இந்தக் காலத்தில் விலை எவ்வளவு மேலே வந்தது என்பதை ஆர்எஸ்ஐ நடந்த மொத்தத் தூரத்தோடு ஒப்பிடுகிறது. ஸ்டொகாஸ்டிக், உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள இடைவெளியோடு ஒப்பிடுகிறது. நீங்கள் கேட்கும் சிசிஐ, சராசரி விலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கிறது. வகுக்கும் எண் மாறுகிறதே தவிர, உள்ளே போகும் சரக்கு அதே சில வார விலைகள்தான்.

உங்கள் நஷ்டத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னால், ஒருவர் தவறினாலும் மற்றவர் பிடித்துவிடுவார். இங்கே தவறும்போது மூன்றும் சேர்ந்தே தவறும். பங்கு நல்ல ஏற்றத்தில் இருக்கும்போது, முடிவு விலை தினமும் 14 நாள் உச்சத்தை ஒட்டியே இருக்கும். அப்போது ஸ்டொகாஸ்டிக் 80-க்கு மேலும் %ஆர் மைனஸ் 20-க்கு மேலும் வாரக்கணக்கில் நிற்கும், ஆர்எஸ்ஐயும் 70-ஐச் சுற்றியே இருக்கும். ஓவர்பாட் என்ற பெயரைப் பார்த்து விலை இறங்கப் போகிறது என்று நினைக்கிறோம். கணக்கு சொல்வது, அண்மையில் வேகமாக ஏறியிருக்கிறது என்பது மட்டுமே. மூன்று பச்சைக்கொடி பார்த்த தைரியத்தில் வழக்கத்தைவிட அதிகமாக விற்றிருந்தால் அடியும் அதற்கேற்ப பெரிதாகும்.

அப்படியானால் ஆர்எஸ்ஐக்கும் ஸ்டொகாஸ்டிக்குக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. குறுகிய வட்டத்தில் ஊசலாடும் பங்கில் ஸ்டொகாஸ்டிக் சட்டென்று 95-க்குப் போய்விடும், ஆர்எஸ்ஐ 58-லேயே நிற்கும். ஆனால் அந்த வித்தியாசம் சொல்வது வட்டம் குறுகியது என்பதை மட்டும்தான். அது சார்ட்டைப் பார்த்தாலே தெரியும்.

சரி, எதை வைத்துக்கொள்வது? உங்கள் கைக்குப் பழகிய ஒன்று போதும், எனக்கென்றால் ஆர்எஸ்ஐ. அதோடு வேறு கேள்வி கேட்கும் ஏதாவது ஒன்று வேண்டும். பங்கு 200 நாள் சராசரிக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் விலைதான் என்றாலும், நீண்ட காலத்தைக் கேட்கிறது. மேலே இருந்தால் ஆர்எஸ்ஐ 70-ஐ விற்பனைச் சைகையாக எடுக்காதீர்கள். அப்புறம், விலையிலேயே இல்லாத தகவல் வேண்டுமென்றால் வால்யூம் இருக்கிறது. என்எஸ்இ தினமும் வெளியிடும் டெலிவரி சதவீதமும் இருக்கிறது. விலை ஏறும் நாளில் கைமாறிய பங்குகளில் எவ்வளவு உண்மையில் டீமேட் கணக்குக்குப் போகிறது, எவ்வளவு அன்றே வாங்கி அன்றே விற்றது என்பதை எந்த ஆர்எஸ்ஐயும் சொல்லாது.

புதிதாக எதையாவது சேர்க்க ஆசை வந்தால், முதலில் அதன் சூத்திரத்தில் என்னென்ன எண்கள் உள்ளே போகின்றன என்று பாருங்கள். எம்எஃப்ஐ என்று ஒன்று உண்டு. அதில் வால்யூம் சேர்கிறது, ஆனால் மீதி ஆர்எஸ்ஐ கணக்கேதான், பாதிதான் புதுசு. ஸ்டொகாஸ்டிக் ஆர்எஸ்ஐ என்பது ஆர்எஸ்ஐயை ஸ்டொகாஸ்டிக் சூத்திரத்தில் போட்டு எடுத்தது. அதை ஆர்எஸ்ஐக்குச் சாட்சியாக அழைக்கவே கூடாது.