சோலார் இன்வெர்ட்டரில் OV-G-V01: திரையில் 249 வோல்ட்தான், பிறகு ஏன் ‘வோல்டேஜ் அதிகம்’?

கேள்வி: மாடியில 3 கிலோவாட் சோலார், சோலிஸ் இன்வெர்ட்டர். மதியம் ஆனா சிவப்பு லைட் எரியுது, OV-G-V01னு வருது, கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுது. திரும்பவும் வருது. காலைல எடுத்த படமும் மதியம் எடுத்த படமும் போட்டிருக்கேன். இதுல என்னென்ன காட்டுதுன்னு சொல்லுங்க. இன்வெர்ட்டர் போச்சா?

பதில்:

இன்வெர்ட்டர் போகவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். இந்த மாடலில் சிவப்பு என்றால் POWER, அதாவது பேனலிலிருந்து கரண்ட் வருகிறது என்று பொருள். வெயில் இருக்கும் வரை அது எரிந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் காலைப் படத்திலும் எரிகிறது, பாருங்கள். பச்சை OPERATION, மஞ்சள் ALARM. மதியப் படத்தில் பச்சை அணைந்து மஞ்சள் எரிகிறது. நீங்கள் கவலைப்பட வேண்டிய விளக்கு அந்த மஞ்சள்தான். வேறு சில கம்பெனிகளில் சிவப்பே ஃபால்ட்டைக் குறிக்கும் என்பதால் இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு வருகிறது.

முதலில் காலைப் படம். Vpv 312 V, Ipv 4.9 A என்பது பேனல் பக்கம். இரண்டையும் பெருக்கினால் சுமார் 1,530 வாட். Pac 1490 W என்பது இன்வெர்ட்டர் மாற்றி வீட்டுக்குத் தருவது. நடுவில் போன 40 வாட் இன்வெர்ட்டரில் சூடாகக் கழிவது, அது இயல்பு. Vac 244.6 V கரண்ட் லைனின் வோல்டேஜ், Fac 50.02 Hz அதன் அதிர்வெண். W என்பது இந்த நொடியின் வேகம். E-Today-க்குப் பக்கத்தில் இருக்கும் kWh-தான் நாம் சொல்லும் யூனிட், இன்று காலை முதல் சேர்ந்தது. E-Total, மாட்டிய நாளிலிருந்து சேர்ந்த கணக்கு.

இப்போது மதியப் படம். Pac 0. Vpv மட்டும் 358 ஆக ஏறியிருக்கிறது. பேனல் அதிகமாக உற்பத்தி செய்வதாக நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் கரண்டை இழுக்காமல் நிறுத்தியதால் பேனலின் வோல்டேஜ் மேலே நிற்கிறது. Ipv 0 என்று இருப்பதே அதற்குச் சாட்சி.

ஃபால்ட் கோடு OV-G-V01. OV அதிகப்படியான வோல்டேஜ். நடுவில் உள்ள G கிரிட், அதாவது மின்வாரிய லைன் பக்கம். கோடில் G இருந்தால் பேனலைச் சந்தேகப்பட வேண்டாம். UN-G-V என்றால் லைன் வோல்டேஜ் குறைவு, NO-GRID என்றால் கரண்டே இல்லை அல்லது மாடியில் இன்வெர்ட்டரை லைனிலிருந்து பிரிக்கும் சுவிட்சான ஏசி ஐசொலேட்டர் ஆஃப்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அதே மதியப் படத்தில் Vac 249.2 V என்றுதான் இருக்கிறது. 230 வோல்ட்டுக்கு 10 சதவீதம் மேலே, 253 தாண்டினால் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் லைனிலிருந்து விலக வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 249 அதற்குள் அடக்கம்தானே, பிறகு ஏன் ஃபால்ட்? காரணம், நீங்கள் பார்ப்பது விலகிய பிறகு இருக்கும் வோல்டேஜ்.

இன்வெர்ட்டர் கரண்டை லைனுக்குள் தள்ள வேண்டுமானால், லைனைவிடத் தன் முனையில் வோல்டேஜைக் கொஞ்சம் உயர்த்தியாக வேண்டும். எவ்வளவு உயரும் என்பது ஒயரின் தடையைப் பொறுத்தது. மாடியிலிருந்து கீழே மீட்டர் வரை 40 மீட்டர், 4 ஸ்கொயர் காப்பர் ஒயர் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் படத்தின் ஓரத்தில் தெரியும் ஒயர் அந்த அளவில்தான் இருக்கிறது). 4 ஸ்கொயர் ஒயரில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 4.6 மில்லிஓம் தடை. ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து 80 மீட்டர், ஆக 0.37 ஓம். 2,600 வாட் ஓடும்போது 10.4 ஆம்பியர். பெருக்கினால் 3.8 வோல்ட். தெருவில் 249.2 இருக்க, இன்வெர்ட்டர் முனையில் 253. உடனே ட்ரிப். ட்ரிப் ஆனதும் கரண்ட் பூஜ்யம், அந்த 3.8 வோல்ட்டும் மறைந்துவிடும், திரை மறுபடி 249 காட்டும். லைன் சரியாக இருக்கிறது என்று குறைந்தது 60 விநாடி பார்த்துவிட்டு இன்வெர்ட்டர் மீண்டும் சேரும், ஏறும், விழும். காலையில் 1,490 வாட்டுக்கு ஏற்றமும் குறைவு, தெரு வோல்டேஜும் குறைவு, அதனால் பிரச்சினை இல்லை.

நீங்களே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நல்ல வெயிலில், 11 மணி வாக்கில், ட்ரிப் ஆகாமல் ஓடும்போது திரையில் Vac-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரம் ஒருவர் கீழே நெட் மீட்டரைப் பார்க்கட்டும். அதன் திரையில் மாறி மாறி வருவதில் வோல்டேஜும் வரும். பிறகு ஏசி ஐசொலேட்டரை ஆஃப் செய்துவிட்டு மீட்டரை மறுபடி பாருங்கள். (இன்வெர்ட்டர் அப்போது NO-GRID என்று சொல்லும், சொல்லட்டும்.) இடையில் வீட்டில் ஏசி, மோட்டார் எதையும் போடவோ நிறுத்தவோ வேண்டாம், கணக்கு கெட்டுவிடும்.

மேலே 251, கீழே 248 என்றால் அந்த 3 வோல்ட் உங்கள் வீட்டு ஒயர். 10 ஸ்கொயருக்கு மாற்றினால் 3.8 வோல்ட் ஏற்றம் 1.5 ஆக இறங்கும். இந்தக் கோடுக்குக் கம்பெனி மேனுவலே சொல்வது பெரிய கேபிள் போடச் சொல்லித்தான். ஒயரின் கணக்குக்கு மீறி வித்தியாசம் இருந்தால், உதாரணமாக 7, 8 வோல்ட், எங்கோ ஒரு டெர்மினல் லூஸாக இருக்கிறது. அதை உடனே எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், அந்த இடம் சூடாகிக்கொண்டிருக்கும்.

மாறாக, சோலார் ஆஃபில் இருக்கும்போதே மீட்டரில் 250-க்கு மேல் நின்றால் அது தெருப் பிரச்சினை. டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் உயர்ந்த நிலையில் இருக்கலாம். மதியம் தெருவில் லோடு குறைவு, அக்கம்பக்கத்து சோலாரும் சேர்ந்து ஏற்றுகிறது. மீட்டர் திரையை நேரம் தெரிகிற மாதிரி படமெடுத்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். டேப் மாற்றுவது அவர்கள் வேலை. இன்வெர்ட்டர் படத்தை மட்டும் கொண்டுபோனால் “249தானே இருக்கு” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சோலார் மாட்டியவர் வந்து “லிமிட்டை ஏத்தி விட்டுடறேன் சார்” என்பார். ஐந்து நிமிட வேலை, கோடும் நின்றுவிடும். ஆனால் அந்த உயர்ந்த வோல்டேஜ் உங்கள் ஃப்ரிட்ஜுக்கும் டிவிக்கும்தான் போகும். மின்வாரிய அனுமதி இல்லாமல் அதைச் செய்யவும் கூடாது. நான் ஒயரை மாற்றத்தான் சொல்வேன்.

சரியாகிவிட்டதா என்பதை E-Today-ஐ வைத்துப் பாருங்கள். 3 கிலோவாட்டுக்கு நல்ல வெயில் நாளில் 12 யூனிட் அளவில் வர வேண்டும். மதியம் ட்ரிப் ஆகும் நாட்களில் அது 8, 9 என்று நிற்கும். என்றாவது மழைக்குப் பிறகு PV ISO-PRO என்று வந்தால் மட்டும் இந்தக் கதை எதுவும் பொருந்தாது. அது பேனல் பக்கம் எர்த்துக்குக் கசிவு. பேனலையும் ஸ்டாண்டையும் யாரையும் தொட விடாமல் மாட்டியவரைக் கூப்பிடுங்கள்.